குடிக்கும் மழைநீருக்கு ஒரு கூரை: உச்சிப்புளிப் பக்கத்தில் நான் கற்றது

எங்கள் வீடு இராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளிக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. கிணற்று நீர் குளிக்கவும் துவைக்கவும் மட்டுமே ஆகும். அதில் பருப்பு வேகாது. குடிநீருக்குக் குழாய்த் தண்ணீரையும், அது வராத நாள்களில் வண்டியில் வரும் தண்ணீரையும் நம்பியிருந்த நாங்கள், நான்கு ஆண்டுகளுக்கு முன்பு மழைநீரைத் தொட்டியில் பிடித்துக் குடிப்பது என்று முடிவு செய்தோம். தமிழகத்தில் 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது எங்கள் வீட்டிலும் ஒரு குழி தோண்டி, மாடித் தண்ணீரை அதில் இறக்கினோம். நிலத்துக்குள் இறக்கும் தண்ணீருக்கு மண்ணே வடிகட்டி என்பதால் அது எந்தக் கூரையிலிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. நேரே தொட்டிக்குப் போய் அங்கிருந்து குடத்துக்கு வரும் தண்ணீருக்கு அந்தக் கேள்விதான் முதலில் எழ வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

முதல் ஆண்டு நான் செய்த தவற்றை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதே தவற்றை எங்கள் பக்கத்தில் இன்னும் பலர் செய்து வருகிறார்கள். மொட்டை மாடியில் ஆங்காங்கே வெடிப்பு விட்டிருந்தது. கோடையில் வீட்டுக்குள் வெக்கையும் தாங்க முடியாததாக இருந்தது. நீர்க்கசிவையும் தடுக்கும், வெயிலையும் திருப்பும் என்று சொல்லி, ரப்பர் போல இழுபடும் வெள்ளைப் பூச்சு ஒன்றை வண்ணக்காரர் பரிந்துரைத்தார். செப்டம்பர் கடைசியில் இரண்டு கோட்டிங் அடித்து முடித்தோம். மாடி பளிச்சென்று, பால் ஊற்றிக் கழுவியது போல் இருந்தது. இவ்வளவு சுத்தமான தளத்தில் விழும் தண்ணீரைவிட நல்ல தண்ணீர் எங்கே கிடைக்கப் போகிறது என்று எண்ணி, மாடிக் குழாயை அப்படியே தொட்டியோடு இணைத்தேன். முதலில் வரும் அழுக்குத் தண்ணீரை ஒதுக்குவதற்காக நாற்பது லிட்டர் கேன் ஒன்றையும் இடையில் வைத்திருந்தேன்.

அக்டோபர் மூன்றாம் வாரம் மழை பிடித்தது. தொட்டி பாதி நிறைந்ததும் அம்மாவுக்கு ஒரு சொம்பு எடுத்துக் கொடுத்தேன். ஒரு வாய் வைத்துவிட்டுக் கீழே வைத்துவிட்டார்கள். "பெயிண்டு டப்பா கழுவுன தண்ணியாட்டம் இருக்குப்பா, இத எப்படிக் குடிக்கிறது?" என்றார்கள். எனக்கு வாசனை அவ்வளவாகத் தெரியவில்லை. ஆனால் குடத்தில் தண்ணீர் விழும்போது மேலே நுரை கட்டியது. அந்த நுரை உடனே உடையாமல் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது.

காக்கை எச்சமும் கடற்கரைத் தூசியும்தான் காரணம் என்று முதலில் நினைத்தேன். அதனால் நாற்பது லிட்டர் கேனை எடுத்துவிட்டு இருநூறு லிட்டர் டிரம் வைத்தேன். அடுத்த மழையில் அந்த டிரம் நிறைந்து வழிந்த பிறகு வந்த தண்ணீரிலும் அதே நுரை இருந்தது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் பேனா போன்ற டிடிஎஸ் கருவி ஒன்றை வாங்கி வைத்துப் பார்த்தேன். 35 என்று காட்டியது. எங்கள் குழாய்த் தண்ணீரைவிடப் பல மடங்கு குறைவு. கருவி நல்ல தண்ணீர் என்கிறது, அம்மாவின் நாக்கு இல்லை என்கிறது. சரியாகச் சொன்னது நாக்குதான். அந்தக் கருவி அளப்பது கரைந்த உப்பை மட்டுமே. வண்ணத்திலிருந்து கசியும் சோப்புத் தன்மையுள்ள பொருளையோ, பூஞ்சைக்கொல்லியையோ, ஈயத்தையோ, நோய்க்கிருமியையோ அது காட்டாது.

பிறகு நான் செய்த ஒரு சோதனைதான் எனக்குத் தெளிவைத் தந்தது. இதற்குக் காசு எதுவும் தேவையில்லை என்பதால் எல்லோரும் செய்யலாம். ஒரே அளவுள்ள மூன்று கண்ணாடிப் பாட்டில்களைச் சோப்புப் போடாமல் வெந்நீரில் கழுவிக் காயவைத்தேன். நல்ல மழை பெய்து அரை மணி நேரம் ஆன பிறகு, வெட்டவெளியில் முக்காலி மேல் வைத்த எவர்சில்வர் பாத்திரத்தில் நேராக வானத்திலிருந்து விழுந்த தண்ணீரை ஒன்றில் பிடித்தேன். அதே நேரத்தில் மாடிக் குழாயில் வந்ததை இன்னொன்றிலும், மேலும் ஒரு மணி நேரம் கழித்து அதே குழாயில் வந்ததை மூன்றாவதிலும் பிடித்தேன். மூன்றையும் பாதியளவு மட்டும் நிரப்பி, மூடி, ஒரே மாதிரி இருபது முறை குலுக்கி வைத்தேன். வானத்துத் தண்ணீரில் குமிழிகள் இரண்டு மூன்று நொடியில் உடைந்துவிட்டன. மாடித் தண்ணீர் இரண்டிலும் நுரை விரற்கடை உயரத்துக்கு நின்று, அடங்கச் சில நிமிடங்கள் ஆயிற்று. ஒரு மணி நேரம் கழுவிய பிறகும் இரண்டுக்கும் இடையில் பெரிய வேறுபாடு இல்லை.

கூரையின் மேல் கிடப்பது வேறு, கூரையிலிருந்தே வருவது வேறு என்பதை இந்தச் சோதனை காட்டியது. தூசி, உப்பு, எச்சம், சருகு ஆகியவை மேலே கிடப்பவை. முதல் சில மில்லிமீட்டர் மழை அவற்றைக் கழுவிக்கொண்டு போய்விடும், அந்தத் தண்ணீரை ஒதுக்கினால் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும். பூச்சிலிருந்து கசிவது அப்படியல்ல. தண்ணீர் அந்தப் பூச்சைத் தொட்டுக்கொண்டிருக்கும் வரை அது வந்துகொண்டே இருக்கும். எவ்வளவு பெரிய டிரம் வைத்தாலும் ஒதுக்க முடியாது. ஆகவே, தண்ணீரில் குறை தெரிந்தால் மழையின் தொடக்கத்தில் வருவதையும் நடுவில் வருவதையும் தனித்தனியே பிடித்து ஒப்பிட வேண்டும். பின்னால் வருவது தெளிந்தால் ஒதுக்கும் அளவைக் கூட்டலாம். தெளியவில்லை என்றால் கூரையைத்தான் மாற்ற வேண்டும்.

வெளிப்புறத்துக்கான நீர்வழி வண்ணங்கள் ஏன் இப்படிக் கசிகின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். வண்ணத்தின் துகள்கள் தண்ணீரில் திரியாமல் நிற்பதற்காகச் சோப்பு போன்ற பொருள்களைச் சேர்க்கிறார்கள். பூச்சு முழுமையாக இறுகுவதற்கு முன் மழை பட்டால் அவை மேற்பரப்புக்கு வந்து கரையும். எங்கள் மாடியில் நுரைத்தது இதுதான். இதைக்கூட நாள்பட்ட மழை கழுவித் தீர்த்துவிடும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் பாசியும் பூஞ்சையும் பிடிக்காமலிருக்கச் சேர்க்கும் கொல்லி மருந்துகள் வேறு வகை. அவை மழையில் சிறிது சிறிதாகக் கசிந்து மேற்பரப்பைக் காக்க வேண்டும் என்பதற்காகவே சேர்க்கப்படுபவை. அவற்றுக்கு நிறமும் இல்லை, நுரையும் இல்லை, பெரும்பாலும் சுவையும் தெரியாது. வழக்கமாக ஆய்வகத்தில் செய்யும் குடிநீர்ச் சோதனையில் கார அமில நிலை, உப்பு, கடினத்தன்மை, நைட்ரேட், கிருமி ஆகியவற்றைப் பார்ப்பார்கள். இந்த மருந்துகளைப் பார்க்க மாட்டார்கள். எனவே ஆய்வக அறிக்கையில் எல்லாம் சரி என்று வந்தாலும் அது பூச்சுக்குக் கொடுத்த சான்று ஆகாது. டப்பாவின் மேல் பாசி பிடிக்காது, பூஞ்சை வராது என்று எழுதியிருந்தால், அந்தத் தளத்துத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்றே நான் அதற்குப் பொருள் கொள்கிறேன்.

அந்த மாடியைச் சுரண்டி எடுக்கலாமா என்று கொத்தனார் அண்ணனிடம் கேட்டேன். "எவ்வளவு சொரண்டுனாலும் வெடிப்புக்குள்ள போனது வராது தம்பி. அந்த மாடிய குளிக்கிற தண்ணிக்கு விட்டுட்டு, குடிக்கிறதுக்குன்னு தனியா ஒரு எறவாரம் பாத்துக்க" என்றார். அவர் போகிற போக்கில் சொன்னதுதான் சரியான வழியாக அமைந்தது. குடிநீருக்கு முழு வீட்டுக் கூரையும் தேவையே இல்லை. எங்கள் வீட்டில் நான்கு பேர். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஐந்து லிட்டர் என்றால் நாளுக்கு இருபது லிட்டர். ஜனவரி முதல் செப்டம்பர் வரையிலான ஏறத்தாழ 270 நாள்களுக்கு 5,400 லிட்டர் போதும். வீட்டின் பின்புறத் தாழ்வாரம் ஆறு மீட்டருக்கு ஆறு மீட்டர், அதாவது ஏறத்தாழ 390 சதுர அடி. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் என்பது எளிய கணக்கு. ஆகவே அந்தத் தாழ்வாரத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு 36 லிட்டர். நம் மாவட்டத்தில் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்துவிடுகிறது. பொய்த்த ஆண்டு என்று வைத்துக்கொண்டு அந்த மூன்று மாதங்களில் 300 மில்லிமீட்டர் மட்டுமே பெய்ததாகக் கொண்டாலும், சிதறலுக்கும் வழிவுக்கும் பதினைந்து விழுக்காடு கழித்து 9,000 லிட்டருக்கு மேல் வருகிறது. அதில் 1,500 லிட்டரை முதல் தண்ணீர் என்று கீழே விட்டாலும் தேவைக்கு மிஞ்சுகிறது. சிறிய கூரையாக இருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு: அதைத் தூய்மையாக வைத்துக்கொள்ள முடியும். மொட்டை மாடியில் அம்மா நெத்திலி காயப்போடுவார்கள், அதற்குக் காக்கை வரும், பூனை வரும். அதைத் தடுக்க எனக்கு மனம் இல்லை. குடிநீர்க் கூரையில் மட்டும் எதையும் காயப்போடுவதில்லை.

பின் தாழ்வாரத்தில் அப்போது இருந்தது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். இருபது ஆண்டு வெயில் பட்டு மேற்பரப்பு பொரிந்து, கை வைத்தால் சாம்பல் போல ஒட்டியது. ஆஸ்பெஸ்டாஸ் நார் நுரையீரலுக்குள் போவதுதான் உறுதியான ஆபத்து; வயிற்றுக்குள் போவது பற்றி உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு எல்லை எதுவும் வகுக்கவில்லை. அப்படியானால் இருக்கட்டுமே என்று சிலர் கேட்கிறார்கள். பொரிந்த ஷீட்டிலிருந்து நார், கூரையோரத்தில் தண்ணீரைப் பிடிக்கும் பீலியிலும் தொட்டி மூடியிலும் சேர்ந்து, காய்ந்து, துடைக்கும்போது தூசியாகப் பறக்கும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. நாங்கள் அதைக் கழற்றியபோது ஷீட்டுகளை நன்றாக நனைத்து, முகமூடி கட்டிக்கொண்டு, போல்ட்டுகளைத் திருகி எடுத்து, ஒன்றையும் உடைக்காமல் முழுதாக இறக்கினோம். ஆஸ்பெஸ்டாஸில் துளை போடுவதும், அறுப்பதும், கம்பித் தூரிகையால் தேய்த்துக் கழுவுவதும் செய்யவே கூடாதவை.

அடுத்து என்ன போடுவது என்பதில்தான் ஒரு மாதம் அலைந்தேன். துத்தநாகம் பூசிய தகரம் மலிவு; தண்ணீரில் கரையும் துத்தநாகமும் பொதுவாக உடலுக்குக் கேடு செய்யும் அளவில் இருக்காது. ஆனால் கச்சான் காற்று உப்பைச் சுமந்துகொண்டு வரும் எங்கள் இடத்தில் அது சில ஆண்டுகளில் துரு ஏறிவிடும். துரு ஏறியதும் யாராவது வந்து ரெட் ஆக்ஸைடும் எனாமலும் அடித்துவிடுவார்கள், ஈயத்தின் கதை அங்கே தொடங்கும். வீட்டு உபயோக, அலங்கார வண்ணங்களில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல்தான் நடைமுறைக்கு வந்தது. தொழிற்சாலைப் பயன்பாட்டு வண்ணங்களுக்கு அது பொருந்தாது. பட்டறையில் இரும்புக்கு அடிக்கும் வண்ணம் எந்த வகையைச் சேர்ந்தது என்று வெல்டருக்கே தெரியாது. நம் நாட்டுக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 ஒரு லிட்டரில் 0.01 மில்லிகிராமுக்கு மேல் ஈயத்தை அனுமதிப்பதில்லை. அவ்வளவு குறைவான அளவை நாக்கும் அறியாது, கண்ணும் அறியாது. எனவே பழைய வண்ணம் உரிந்துகொண்டிருக்கும் எந்தக் கூரையிலிருந்தும் குடிக்கத் தண்ணீர் பிடிக்க வேண்டாம் என்பதை நான் அழுத்திச் சொல்வேன்.

அலுமினியமும் துத்தநாகமும் கலந்து பூசிய இரும்புத் தகடு உள்நாட்டில் மிக நல்லது. மதுரைப் பக்கம் இருந்திருந்தால் அதையே போட்டிருப்பேன். கடலுக்கு அருகில் அறுத்த ஓரங்களிலும் திருகாணித் துளைகளிலும் துரு தொடங்கிவிடுகிறது. அதன் மேல் நிறம் ஏற்றிய கலர் ஷீட் ஆலையில் சூட்டில் இறுக்கப்பட்ட பூச்சு என்பதால், கையால் அடிக்கும் வண்ணத்தைவிடக் கசிவு குறைவு. ஆனால் அடிப்பூச்சில் துருவைத் தடுக்கக் குரோமேட் சேர்ப்பது அந்தத் தொழிலில் நெடுங்காலமாக உள்ள வழக்கம். மேல்பூச்சு கீறினாலோ, வெயிலில் மாவாக உதிர்ந்தாலோ அது வெளிப்படும். கலர் ஷீட் ஏற்கெனவே போட்டிருப்பவர்கள் கையால் துடைத்துப் பார்க்க வேண்டும். விரலில் நிறம் மாவாக ஒட்டினால் அதைக் குடிநீருக்குப் பயன்படுத்தக் கூடாது.

சீமை ஓடு எனக்குப் பிடித்திருந்தது, அதில் கசிவதற்கு எதுவும் இல்லை. ஆனால் மெருகில்லாத ஓடு முதல் மழையைக் குடித்துக்கொள்ளும், நிழலில் பாசி பிடிக்கும், சரியாக வேகாத ஓடு உப்புக் காற்றில் செதிள் செதிளாகப் பொரியும். எங்கள் தாழ்வாரத்தின் ஒரு பக்கம் வேப்பமர நிழல் விழுவதால் அதை விட்டேன். நன்கு வெந்த ஓடும் திறந்த வெயிலும் உள்ள வீட்டில் ஓட்டை மாற்ற வேண்டிய காரணமே இல்லை. மேலே பளபளப்புக்காக வண்ணம் மட்டும் அடிக்காமலிருந்தால் போதும்.

முடிவில் நான் போட்டது எந்தப் பூச்சும் இல்லாத வெற்று அலுமினிய ஷீட். விலை தகரத்தைவிடக் கூடுதல்தான். ஷீட் இரும்புச் சட்டத்தை நேரே தொட்டால் உப்பு ஈரத்தில் அரிப்பு வரும் என்பதால், ஒவ்வொரு சட்டத்தின் மேலும் ரப்பர் பட்டை ஒட்டி, துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியை ரப்பர் வாஷரோடு முறுக்கினோம். கீழே உள்ள இரும்புச் சட்டத்துக்கு வண்ணம் அடித்தோம். தண்ணீர் அதைத் தொடுவதில்லை. வேலை முடியும் நேரத்தில் வெல்டர், "சார், மேல பச்சைக் கலர் அடிச்சு விட்டா நல்லாருக்கும், மிச்சம் இருக்கு" என்று டப்பாவோடு ஏறிவிட்டார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு அவரை இறக்கினேன். பீலி பிவிசி. இணைப்புகளில் குளியலறைக்கு விற்கும் சிலிக்கானைப் பூச விடவில்லை. அதிலும் பூஞ்சைக்கொல்லி சேர்த்திருப்பார்கள். மீன் தொட்டி ஒட்டுவதற்கென்று விற்கும் சிலிக்கானில் அது இருக்காது என்பதால் அதை வாங்கிப் பூசினோம். வெற்று அலுமினியமும் சிறிது கரையும் என்பதால் முதல் பருவத்தின் முடிவில் தண்ணீரைக் கொடுத்துச் சோதித்தேன், ஐ.எஸ். 10500 அனுமதிக்கும் 0.2 மில்லிகிராமுக்குக் கீழேயே இருந்தது.

கூரை சரியான பிறகுதான் முதல் தண்ணீரை ஒதுக்கும் வேலைக்குப் பொருள் வந்தது. எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்பதை என் கூரையே சொல்லட்டும் என்று, பருவத்தின் முதல் மழையில் பீலிக் குழாயின் கீழ் உட்கார்ந்து வாளி வாளியாகப் பிடித்தேன். வாளியில் 18 லிட்டருக்குக் கோடு போட்டிருந்தேன். இரண்டு வாளி நிறைந்தால் ஒரு மில்லிமீட்டர் மழை. முதல் வாளி தேநீர் நிறத்தில் இருந்தது, கருவி 520 காட்டியது. நான்காவது வாளியில் 110, ஆறாவதில் 48, பத்தாவதில் 26. அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் இருந்தும் இருபதுக்குக் கீழே போகவில்லை. அதுதான் அந்த மழையின் சொந்த உப்பு என்று எடுத்துக்கொண்டேன். நவம்பரில் மூன்று நாள் வெயிலுக்குப் பிறகு வந்த மழையில் இதையே செய்தபோது முதல் வாளியே 90-தான், மூன்றாவதில் 30-க்கு வந்துவிட்டது. ஆகவே வழக்கமான மழைக்கு நூறு லிட்டர் டிரம் போதும். என் கூரைக்கு அது மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒன்பது மாத உப்பையும் தூசியையும் சுமந்து வரும் பருவத்தின் முதல் மழைக்கு மட்டும் டிரம்மை நம்பாமல், தொட்டிக்குப் போகும் குழாயைக் கழற்றிவிட்டு முழு மழையையும் செடிகளுக்கு விட்டுவிடுகிறேன்.

டிரம்மை இணைத்த முறையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பீலியிலிருந்து இறங்கும் 110 மில்லிமீட்டர் குழாயில் ஒரு 'டி' இணைப்பு. நேர்கீழ்க் கால் டிரம்முக்கு, பக்கவாட்டுக் கால் தொட்டிக்கு. தண்ணீர் முதலில் கீழேதான் விழும். டிரம் நிறைந்ததும் மேலேறி, பக்கவாட்டில் தொட்டிக்குத் திரும்பும். இவ்வளவோடு விட்டால், மேலிருந்து வேகமாக விழும் தண்ணீர் டிரம்மைக் கலக்கி, ஒதுக்கிய அழுக்கையே மீண்டும் தொட்டிக்கு அனுப்பிவிடும். அதைத் தடுக்க, 'டி'-க்குக் கீழே குழாயை 75 மில்லிமீட்டருக்குக் குறுக்கும் ரெடியூசர் ஒன்றைப் பொருத்தி, அதன் அடியில் அந்தத் துளையைவிடச் சற்றுப் பெரிய வெற்றுப் பிளாஸ்டிக் பந்தை மிதக்க விட்டேன். தண்ணீர் ஏறும்போது பந்தும் ஏறி, துளையை அடியிலிருந்து அடைத்துக்கொள்கிறது. டிரம்மின் வாய் காற்றுப் புகாதபடி மூடியிருந்தால் நிறையவே நிறையாது. காற்று வெளியேற டிரம்மின் மேல் மட்டத்திலிருந்து பந்தின் மட்டத்துக்கும் மேலே செல்லும் மெல்லிய குழாய் ஒன்று வேண்டும். அதன் வாயில் கொசு வலை கட்ட வேண்டும்.

டிரம் அடுத்த மழைக்குள் தானாகக் காலியாக வேண்டும். அடியில் இரண்டு மில்லிமீட்டர் துளையிட்ட மூடி ஒன்றைப் போட்டேன். நூறு லிட்டர் வடிய ஏழெட்டு மணி நேரம் ஆகிறது. இந்தச் சிறு துளைதான் எனக்கு மிகுந்த தொல்லை தந்தது. இரண்டாம் பருவத்தில் ஒரு நாள் தொட்டியில் 60 காட்டியது. காரணம் தெரியாமல் டிரம்மைத் தட்டிப் பார்த்தேன். மழை நின்று நான்கு நாளாகியும் மந்தமான ஓசை, உள்ளே தளும்பத் தளும்பத் தண்ணீர். வேப்பம்பூக் காம்பு ஒன்று துளையில் குத்திட்டு நின்றிருந்தது. டிரம் நிறைந்தே இருந்ததால் நடுவில் பெய்த மழையின் முதல் தண்ணீர் முழுவதும் நேராகத் தொட்டிக்குப் போயிருந்தது. அதன் பிறகு துளைக்கு மேலே டிரம்முக்குள் ஒரு சாண் உயரத்துக்கு வலைக் கூண்டு வைத்தேன். அடியில் கை நுழையும் அளவுக்கு அகன்ற திருகு மூடி ஒன்றும் பொருத்தி மாதம் ஒரு முறை சேற்றை எடுக்கிறேன். டிரம்மின் பக்கத்தில் ஒளி ஊடுருவும் குழாய் ஒன்றைக் கட்டியதால் உள்ளே தண்ணீர் நிற்கிறதா என்று சமையலறைச் சன்னலிலிருந்தே தெரிகிறது. மழை மேகம் கூடும்போது அதைப் பார்ப்பது எங்கள் வீட்டில் பழக்கமாகிவிட்டது.

இவ்வளவும் செய்தாலும் பறவை எச்சத்திலிருந்து வரும் கிருமி முழுவதும் போய்விடாது. ஒதுக்குவது அதைக் குறைக்குமே தவிர நீக்காது. நாங்கள் குடிக்கும் தண்ணீரைக் காய்ச்சி ஆற்றிக் குடிக்கிறோம். தொட்டியில் ஆயிரம் லிட்டருக்கு எட்டு கிராம் என்ற அளவில் நல்ல பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளியவைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி அரை மணி நேரம் விடுவது மற்றொரு வழி. ஆனால் காய்ச்சினாலும் குளோரின் போட்டாலும் ஈயமோ பூச்சுக் கசிவோ போகாது.

சென்ற மாதம் பெருங்குளத்திலிருந்து என் சித்தி பேசினார்கள். அவர்கள் வீட்டுக்குத் தாழ்வாரம் கிடையாது. மொட்டை மாடி மட்டும்தான், அதுவும் எழுபதுகளில் சுண்ணாம்புக் காரை போட்டுத் தட்டோடு பதித்தது. வெடிப்பு விட்டிருக்கிறது, வெள்ளைப் பூச்சு அடிக்கட்டுமா என்று கேட்டார்கள். தட்டோடும் சுண்ணாம்பும் குடிநீருக்கு ஏற்ற தளமே, அதன் மேல் எதையும் பூச வேண்டாம் என்று சொன்னேன். வெடித்த ஓடுகளை மட்டும் பெயர்த்து, சிமெண்டும் சலித்த ஆற்று மணலும் கொண்டு மீண்டும் பதித்து, சந்துகளை அடைத்து, இரண்டு வாரம் நீர் விட்டு ஆறவைக்க வேண்டும். புதுச் சிமெண்டிலிருந்து காரம் இறங்கும் என்பதால் முதல் இரண்டு மூன்று மழையைத் தொட்டிக்கு விடக் கூடாது. பிறகு, மீன் வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் பட்டைத் தாளால் பார்க்கும்போது கார அமில நிலை 8.5-க்குக் கீழே வந்துவிட்டதென்றால் தொட்டிக் குழாயைத் திறக்கலாம். நீர்க்கசிவு அப்படியும் நிற்கவில்லை என்றால், குடிநீர்த் தொட்டியின் உட்புறத்துக்கு ஏற்றது என்று சான்று பெற்ற சிமெண்ட் கலவைப் பூச்சைத்தான் தேட வேண்டும். அதே சான்று இருந்தாலும் எபாக்ஸி வகை வேண்டாம், வெயிலில் அது மாவாகப் பொரிந்துவிடும். எதை வாங்கினாலும் முதலில் ஒரு தட்டோட்டுத் துண்டில் பூசி, இரண்டு வாரம் வெயிலில் காயவைத்து, ஒரு பாத்திரத்தில் மழைநீரோ காய்ச்சி வடித்த நீரோ ஊற்றி ஒரு நாள் ஊறப்போடச் சொன்னேன். பூசாத துண்டை வேறொரு பாத்திரத்தில் அதே போல ஊறப்போட்டு, இரண்டு தண்ணீரையும் பாட்டிலில் குலுக்கி முகர்ந்து பார்க்க வேண்டும். நுரையோ வாசனையோ வேறுபட்டால் அந்த டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். வேறுபடாவிட்டாலும் சான்றைக் கேட்காமல் விடக் கூடாது. சித்தி இப்போது இரண்டு துண்டுகளை மாடிக் கைப்பிடிச் சுவரில் காயவைத்திருக்கிறார்கள். அடுத்த வாரம் ஊறப்போடுவார்கள்.